ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறீர்கள்? திரை நேரத்தை அளக்கும் மூன்று வழிகளும் அவற்றின் பிழைகளும்

திரை நேரத்துக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயப் புறப்படும் மாணவர், வினாத்தாளில் பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வியை எழுதுவார்: “ஒரு நாளில் சராசரியாக எத்தனை மணி நேரம் கைபேசி பயன்படுத்துகிறீர்கள்?” கீழே நான்கு கட்டங்கள் இருக்கும். 2 மணிக்குக் குறைவு, 2 முதல் 4, 4 முதல் 6, 6-க்கு மேல். நூறு பேரிடம் கொடுத்து வாங்கினால் ஒரே மதியத்தில் தரவு தயார். செலவில்லை, யார் போனையும் தொட வேண்டியதில்லை.

தூக்கத்தைப் பற்றி அந்த மாணவர் இருபது கேள்வி கேட்டிருப்பார், அதற்கென்று தேர்ந்த அளவுகோலைத் தேடி எடுத்திருப்பார். திரை நேரத்துக்கு மட்டும் இந்த ஒற்றை வரி. ஆய்வின் பாதி எடை அந்த வரிமேல் நிற்கிறது. அது தாங்குமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

திரை நேரத்தை அளக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஆளையே கேட்பது சுயமதிப்பீடு. நாள் முழுக்க என்ன செய்தார் என்பதை நேரவாரியாக எழுதச் சொல்வது நாட்குறிப்பு, அதாவது டைரி. போன் தானாகவே எழுதிவைக்கும் கணக்கை எடுத்துக்கொள்வது சாதனப் பதிவு, பேச்சுவழக்கில் லாக். மூன்றையும் ஒரே ஆட்களிடம் எடுத்து ஒப்பிட்டால் மூன்றும் ஒன்றுபோல் வருவதில்லை. எது எந்தப் பக்கம் விலகுகிறது, அந்த விலகல் ஆளைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்பது தெரிந்தால்தான் நம் ஆய்வின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

கேட்டால் என்ன நடக்கிறது

அந்தக் கேள்வியைப் பார்த்ததும் யாரும் தலைக்குள் கூட்டல் போடுவதில்லை. காலையில் பதினைந்து நிமிடம், பேருந்தில் நாற்பது, சாப்பிடும்போது இருபது என்று சேர்த்துப் பார்ப்பவர் அபூர்வம். “நான் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பவன், சரி, நாலு மணி நேரம் இருக்கும்” என்று தன்னைப் பற்றிய எண்ணத்திலிருந்து ஒரு முழு எண்ணுக்குத் தாவுகிறோம். அதனால்தான் பதில்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் 2, 3, 4, 5 மணிகளில் குவியல் குவியலாக ஆட்கள் நிற்பார்கள். 3 மணி 20 நிமிடம் என்று எழுதியவர் ஒருவர் இருந்தால் அவர்மேல் ஒரு சந்தேகம் வர வேண்டும். அவர் போனின் அமைப்புகளைத் திறந்து பார்த்து எழுதியிருக்கலாம்.

போன் பழக்கம் நினைவில் நிற்காததற்கு ஒரு காரணம் அதன் துண்டுத் தன்மை. இங்கிலாந்தில் 2015-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 23 இளைஞர்களின் ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு செயலியைப் போட்டு இரண்டு வாரம் கவனித்தார்கள். அவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் போனைப் பயன்படுத்தினார்கள், சுமார் 85 முறை எடுத்தார்கள். எத்தனை முறை எடுப்பீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி 37. மொத்த நேரத்தைச் சொல்வதில் இவ்வளவு மோசமில்லை. எடுத்த தடவைகளில்தான் பாதிக்கு மேல் காணாமல் போனது. பாதிக்கும் அதிகமான தடவைகள் 30 நொடிக்குள் முடிந்துவிட்டன என்பதைப் பார்த்தால் வியப்பு குறைந்துவிடும். மணி பார்க்க எடுத்ததை, யாராவது மெசேஜ் போட்டார்களா என்று எட்டிப் பார்த்ததை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

நேரத்தைக் கூட்டிச் சொல்வோமா, குறைத்துச் சொல்வோமா? அது எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஃபேஸ்புக் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 15 நாடுகளில் ஏறக்குறைய 50,000 பேரிடம் கேட்டு, நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். ஃபேஸ்புக்கில் செலவிட்ட நேரத்தை மக்கள் கூட்டிச் சொன்னார்கள், எத்தனை முறை போனார்கள் என்பதைக் குறைத்துச் சொன்னார்கள். ஒரே ஆள், ஒரே செயலி, இரண்டு கேள்விகளுக்கு இரண்டு எதிர்த்திசைப் பிழைகள். “மக்கள் எப்போதுமே குறைத்துத்தான் சொல்வார்கள், ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம்” என்று கையால் திருத்துவது வேலைக்கு ஆகாது.

கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்றால் கேள்வியையாவது நெருக்கிக் கேட்கலாம். “பொதுவாக” என்பதற்குப் பதில் “கடந்த ஏழு நாட்களில்”, “கைபேசி” என்பதற்குப் பதில் குறிப்பிட்ட செயலி, வார நாள் தனி, விடுமுறை நாள் தனி. பிழை போய்விடாது. ஆனால் என்ன கேட்டோம், அவர் எதற்குப் பதில் சொன்னார் என்ற குழப்பமாவது தீரும்.

டைரியில் எழுதச் சொன்னால்

பிரிட்டனில் 2000-மாவது ஆண்டை ஒட்டிப் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் மில்லேனியம் கோஹார்ட் ஆய்வில், அவர்களுக்கு 14 வயதானபோது நாட்குறிப்பு வாங்கினார்கள். ஒரு வார நாள், ஒரு வார இறுதி நாள். ஒவ்வொன்றும் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடியும். தாளில் எழுதியவர்களுக்கு நாள் முழுவதும் பத்துப் பத்து நிமிடக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தாய், எங்கே இருந்தாய், யாருடன் இருந்தாய் என்று குறிக்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. நாளுக்கு 24 மணி நேரம்தான். கட்டங்களை நிரப்பும்போது தூக்கம், பள்ளி, பயணம், சாப்பாடு எல்லாம் இடம் பிடித்துக்கொள்வதால் “எட்டு மணி நேரம் போன்” என்று அள்ளி விட முடியாது. தூங்குவதற்கு முன் கடைசியாகச் செய்தது எது என்பதும் தெரியும். தூக்க ஆய்வுக்கு இது பொன்னான தகவல், ஒற்றைக் கேள்வியில் கிடைக்கவே கிடைக்காது.

குறை எங்கே? பத்து நிமிடக் கட்டத்துக்குள் முப்பது நொடிப் பார்வை விழாது. ஒரு கட்டத்துக்கு ஒரு முக்கியச் செயல் என்று கேட்கும் டைரியாக இருந்தால், சாப்பிட்டுக்கொண்டே விடியோ பார்த்த அரை மணி நேரம் “சாப்பாடு” என்று பதிவாகும். ஆக, டைரி நீளமான உட்கார்தலை நன்றாகப் பிடிக்கிறது, சிதறலை விட்டுவிடுகிறது.

இதைவிடச் சங்கடமான குறை ஒன்று உண்டு. அதைக் காட்டியது திரை நேர ஆய்வு அல்ல, நாள்பட்ட வலி உள்ள நோயாளிகளை வைத்துச் செய்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வு. குறித்த நேரங்களில் வலியைத் தாள் டைரியில் எழுதச் சொன்னார்கள். டைரி வைக்கும் உறைக்குள் ஒளி உணரி ஒன்றை ஒளித்துவைத்து, அது எப்போது திறக்கப்பட்டது என்று பார்த்தார்கள். நோயாளிகள் திருப்பித் தந்த தாள்களின்படி 90 சதவீதப் பதிவுகள் சரியான நேரத்தில் எழுதப்பட்டவை. உணரியின்படி 11 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கு நாட்களில் உறை திறக்கப்படவே இல்லை, ஆனால் அந்த நாட்களுக்கான தாள்களும் நிரம்பியிருந்தன. கல்லூரியில் ரெக்கார்டு நோட்டை விடிய விடிய எழுதி முடித்த எவருக்கும் இது புதிதாக இருக்காது.

மொத்தமாக உட்கார்ந்து எழுதிய டைரி டைரியே அல்ல, அது கட்டம் போட்ட சுயமதிப்பீடு. தாளில் வாங்கினால் இதைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள்தான் உண்டு: ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து வேகம், செவ்வாயும் புதனும் அச்சடித்ததுபோல் ஒன்று. ஆன்லைன் படிவமாகக் கொடுத்து, ஒவ்வொரு பதிவும் அனுப்பப்பட்ட நேரத்தைச் சேமித்தால் இந்தத் துப்பறியும் வேலையே வேண்டாம்.

போன் எழுதும் கணக்கு

ஐபோனில் ஸ்க்ரீன் டைம் 2018 செப்டம்பரில் வந்தது. ஆண்ட்ராய்டில் அதே ஆண்டு டிஜிட்டல் வெல்பீயிங் வந்தது. அதன்பிறகு ஆய்வாளர்கள் தனிச் செயலி எழுதாமலே பதிவை வாங்க முடிந்தது: அமைப்புகளைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். நுணுக்கமாக வேண்டும் என்பவர்கள் ஆண்ட்ராய்டில் ஒரு சிறு செயலி போட்டு, பயனர் அனுமதியுடன், நிகழ்வுகளை நொடிவாரியாக எடுக்கிறார்கள். ஆண்ட்ராய்டு இந்த நுண்ணிய நிகழ்வுகளைச் சில நாட்களுக்குத்தான் வைத்திருக்கும் என்பதால் ஆய்வுச் செயலி அடிக்கடி எடுத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக எடுக்கலாம் என்று இருந்தால் முதல் மூன்று வாரம் காணாமல் போயிருக்கும்.

அந்தப் பதிவு எப்படி இருக்கும்? ஒரு மாணவியின் இரவு என்று நான் கற்பனையாக எழுதிய சில வரிகள்:

```
21:58:04  SCREEN_INTERACTIVE
21:58:09  KEYGUARD_HIDDEN
21:58:10  ACTIVITY_RESUMED  com.whatsapp
21:58:42  ACTIVITY_PAUSED   com.whatsapp
21:58:43  ACTIVITY_RESUMED  com.google.android.youtube
00:10:43  ACTIVITY_PAUSED   com.google.android.youtube
00:10:44  SCREEN_NON_INTERACTIVE
```

முதல் வரியில் திரை எரிகிறது. இரண்டாவதில் பூட்டு திறக்கிறது. பிறகு வாட்ஸாப் முன்னால் வருகிறது, 32 நொடியில் பின்னால் போகிறது. அடுத்து யூடியூப் முன்னால் வந்து 2 மணி 12 நிமிடம் அங்கேயே இருக்கிறது. கடைசி வரியில் திரை அணைகிறது. RESUMED-க்கும் PAUSED-க்கும் இடையிலுள்ள நேரத்தைச் செயலிவாரியாகக் கூட்டினால் செயலி நேரம். திரை எரிந்ததிலிருந்து அணைந்தது வரை கூட்டினால் திரை நேரம், இங்கே 2 மணி 12 நிமிடம் 40 நொடி.

இப்போது அவளுடைய டைரியைத் திறப்போம். 10 மணி முதல் 10.30 வரை விடியோ, 10.30-லிருந்து தூக்கம் என்று எழுதியிருக்கிறாள். பொய் சொல்லவில்லை. விடியோ ஓடிக்கொண்டிருந்தபோதே தூங்கிவிட்டாள், யூடியூப் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓட்டிக்கொண்டிருந்தது, நள்ளிரவுக்குப் பிறகு நின்று திரை அணைந்தது. கிட்டத்தட்ட 100 நிமிடம் போன் விழித்திருந்தது, ஆள் விழித்திருக்கவில்லை. இந்த இரவைப் பொறுத்தவரை டைரிதான் சரி, லாக் தவறு. தூக்க ஆய்வில் இந்தப் பிழை குறிப்பாக ஆபத்தானது. “நள்ளிரவு வரை திரை பார்த்தும் நன்றாகத் தூங்கினாள்” என்று தரவு சொல்லும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் படம் பார்த்தால் போன் திரை அணைந்திருக்கும், லாக்கில் எதுவும் இருக்காது. வீட்டு மடிக்கணினியில் பார்த்ததும் வராது. அமெரிக்காவில் 2013-இல் வந்த ஓர் ஆய்வில் 45 மாணவர்களின் கணினியில் கண்காணிப்பு மென்பொருள் போட்டார்கள். ஃபேஸ்புக்கில் நாளுக்கு 145 நிமிடம் என்று மாணவர்கள் சொன்னார்கள், மென்பொருள் 26 நிமிடம் என்றது. மாணவர்கள் ஐந்து மடங்குக்கு மேல் பெருக்கிச் சொன்னார்கள் என்று இதை மேற்கோள் காட்டுவதுண்டு. அந்த 26 நிமிடம் கணினிக்கு மட்டுமான கணக்கு என்பதைச் சேர்த்துப் படித்தால், இடைவெளி முழுவதும் நினைவின் தவறுதானா என்ற கேள்வி எழுகிறது. என்னைக் கேட்டால், லாக் எந்தச் சாதனத்தை மட்டும் பார்த்தது என்று கேட்காமல் எந்த ஒப்பீட்டையும் ஏற்கக் கூடாது.

லாக்கைக் கூட்டும்போது நாம் செய்யும் தவறுகளும் உண்டு. பேட்டரி தீர்ந்து போன் திடீரென அணைந்தால் PAUSED என்ற வரி எழுதப்படாமலே போகலாம். நம் நிரல் அடுத்த PAUSED-ஐத் தேடிக்கொண்டு போய் மறுநாள் காலையில் கண்டுபிடிக்கும், ஒன்பது மணி நேரம் கேம் ஆடியதாகக் கணக்கு வரும். திரையைப் பிரித்து இரண்டு செயலிகளைப் பயன்படுத்தினால் ஒரே நிமிடம் இரண்டு முறை எண்ணப்படும். இரண்டையும் பிடிக்க எளிய சோதனை போதும். செயலி நேரங்களின் கூட்டுத்தொகை திரை நேரத்தைவிட அதிகமானால் இரட்டை எண்ணிக்கை. இடையில் ஒரு தொடுதலும் பூட்டுத் திறப்பும் இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் துண்டு எதுவானாலும் அதைத் தனியே எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரீன்ஷாட் வாங்குபவர்களுக்கு வேறு பொறி. ஐபோனில் எல்லாச் சாதனங்களிலும் பகிர் என்ற தேர்வு இயக்கப்பட்டிருந்தால் ஐபேடின் நேரமும் மொத்தத்தில் சேர்ந்துவிடும். அந்த ஐபேடைத் தம்பி கார்ட்டூன் பார்க்க வைத்திருந்தால் அக்காவின் கணக்கில் தம்பியின் நேரம். ‘இந்த வாரம்’ என்ற பக்கம் இன்னும் முடியாத வாரம். முழுதாக முடிந்த போன வாரத்தின் பக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஆக, “உண்மையான திரை நேரம்” என்று ஒன்று எங்கோ காத்திருக்கிறது, லாக் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது என்று எண்ண வேண்டாம். திரை எரிந்த நேரம், செயலி முன்னால் இருந்த நேரம், ஆள் பார்த்த நேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. லாக் முதல் இரண்டைத் துல்லியமாகச் சொல்கிறது. மூன்றாவதை நாம்தான் ஊகிக்கிறோம்.

ஒப்பிடுவது எப்படி

புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. சுயமதிப்பீட்டையும் லாக்கையும் எடுத்து, இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுவார்கள், 0.9 வந்தால் “சுயமதிப்பீடு துல்லியம்” என்று எழுதுவார்கள். ஒட்டுறவு, துல்லியத்தைச் சொல்வதில்லை. எப்போதும் 200 கிராம் கூட்டிக் காட்டும் தராசு, பொருட்களை எடைவாரியாகச் சரியாகத்தான் வரிசைப்படுத்தும். எல்லோரும் ஒரு மணி நேரம் கூட்டிச் சொன்னாலும் ஒட்டுறவு 1 வரும், சரியாகச் சொன்னவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர். எண்கள் நாளுக்கு நிமிடத்தில், உதாரணத்துக்காக நான் வைத்தவை.

| ஆள் | லாக் | சொன்னது | வித்தியாசம் |
|---|---|---|---|
| அ | 95 | 180 | +85 |
| ஆ | 150 | 180 | +30 |
| இ | 215 | 240 | +25 |
| ஈ | 260 | 240 | −20 |
| உ | 340 | 300 | −40 |
| ஊ | 440 | 360 | −80 |

லாக்கின் சராசரி 250. சொன்னதன் சராசரியும் 250. சராசரி வித்தியாசம் சுழியம். ஒட்டுறவு 0.98. இரண்டு எண்ணையும் மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல அளவீடு இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் கண்ணை ஓட்டுங்கள். சரியாகச் சொன்னவர் யாருமில்லை. குறியை விட்டுவிட்டு வித்தியாசங்களை மட்டும் சராசரி எடுத்தால் ஆளுக்கு 47 நிமிடப் பிழை. கூட்டிச் சொன்னவர்களும் குறைத்துச் சொன்னவர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதால்தான் சராசரி சுழியமாயிற்று.

இங்கே பயன்படுவது புள்ளியியலாளர்களான பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் இதழில் பரவலாக அறிமுகப்படுத்திய முறை. வித்தியாசங்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், நம் உதாரணத்தில் அது சுமார் 58.6 நிமிடம். அதை 1.96-ஆல் பெருக்கினால் 115. சராசரி வித்தியாசமான சுழியத்திலிருந்து இருபுறமும் 115 நிமிடம் தள்ளிக் கோடு போட்டால், பெரும்பாலானவர்களின் பிழை அந்தக் கோடுகளுக்குள் விழும் என்று எதிர்பார்க்கலாம். அதாவது ஒருவர் “நாலு மணி நேரம்” என்று சொன்னால் லாக் ஏறக்குறைய இரண்டிலிருந்து ஆறு மணி வரை எதுவாகவும் இருக்கலாம். ஆறு பேரை வைத்து இந்தக் கோட்டை நிஜத்தில் போடக் கூடாது. கணக்கின் போக்கைக் காட்டத்தான் போட்டேன்.

இதே முறையில் ஒரு படமும் வரைவார்கள். கிடை அச்சில் இரண்டு அளவீடுகளின் சராசரி, நெடு அச்சில் வித்தியாசம். நம் ஆறு புள்ளிகளையும் வைத்தால் அவை சிதறாமல் இடமிருந்து வலமாகக் கீழே சரியும். குறைவாகப் பார்ப்பவர் கூட்டிச் சொல்கிறார், அதிகம் பார்ப்பவர் குறைத்துச் சொல்கிறார். லாக்கில் 95-க்கும் 440-க்கும் இடையே இருந்த வீச்சு, சொன்னதில் 180-க்கும் 360-க்கும் இடையே சுருங்கிவிட்டது. யாரும் தன்னை இரண்டு கோடியிலும் வைத்துப் பார்க்க விரும்புவதில்லை, நடுவுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். சரிவு இல்லாமல் புள்ளிகள் மேலும் கீழும் சிதறியிருந்தால் பிழை ஆளின் பயன்பாட்டைச் சார்ந்ததல்ல என்று கொள்ளலாம். சரிவு இருந்தால், நம் கேள்வி அதிகம் பார்ப்பவர்களைத்தான் குறிவைத்துத் தவறவிடுகிறது.

உண்மைத் தரவு என் உதாரணத்தைவிட மிக மோசம். சுயமதிப்பீட்டையும் பதிவையும் சேர்த்தெடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர் இதழில் ஒரு மீபகுப்பாய்வு வந்தது. அந்த ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி ஒட்டுறவு 0.38. இதை வர்க்கமாக்கினால் 0.14. ஆட்களிடையே லாக்கில் காணும் வேறுபாட்டில் ஏழில் ஒரு பங்கைத்தான் அவர்கள் சொன்ன பதில் பிடிக்கிறது. “போன் இல்லாமல் இருக்க முடியவில்லை” போன்ற வாக்கியங்களுக்கு மதிப்பெண் கொடுக்கச் சொல்லும் அடிமைத்தன அளவுகோல்கள் இன்னும் கீழே இருந்தன. அவை வேறெதையாவது நன்றாக அளக்கலாம், திரை நேரத்தை அளக்கவில்லை.

பிழை எங்கே போய் வலிக்கிறது

திரை நேரத்துக்கும் தூக்கக் குறைவுக்கும் உண்மையில் 0.30 ஒட்டுறவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாக்கோடு 0.38 மட்டுமே ஒத்துப்போகும் சுயமதிப்பீட்டால் அளந்தால், பிழை முற்றிலும் தற்செயலானதாக இருக்கும் பட்சத்தில், நமக்குக் கிடைப்பது 0.30 × 0.38, அதாவது சுமார் 0.11. இருக்கும் தொடர்பு மங்கிப்போகிறது. ஆய்வாளருக்கு வருத்தம்தான், ஆனால் பெரிய ஆபத்தில்லை. பெரிய மாதிரி எடுத்தால் அந்த மங்கலையும் காண முடியும்.

பிழை தற்செயலாக இல்லாவிட்டால்தான் ஆபத்து. ஐபோன் பயனர்களை வைத்து 2020-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மதிப்பீட்டுப் பிழை ஒருவரின் பயன்பாட்டு அளவோடு மட்டுமல்ல, அவரது மனநிலையோடும் சேர்ந்து நகர்வதைக் கண்டது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மனச்சோர்வில் இருப்பவர் “நாளெல்லாம் போனிலேயே கிடக்கிறேன்” என்று கூட்டிச் சொன்னால், லாக்கில் எந்த வித்தியாசமும் இல்லாதபோதும் சுயமதிப்பீட்டில் திரை நேரமும் மனச்சோர்வும் கைகோத்து வரும். இல்லாத தொடர்பு முளைக்கிறது. மாதிரியை ஆயிரமாக்கினாலும் இது மறையாது, இன்னும் திடமாகத் தெரியும். திரை நேரமும் மனநலமும் பற்றிய செய்தித் தலைப்பைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது நேரத்தை எப்படி அளந்தார்கள் என்ற வரியைத்தான்.

அடுத்தவரைப் பற்றிச் சொல்வது இன்னும் சிக்கல். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளின் 346 பெற்றோரிடம் அமெரிக்காவில் எடுத்த ஆய்வு 2020-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. ஆண்ட்ராய்டில் பதிவுச் செயலியும், ஆப்பிள் சாதனங்களில் பேட்டரிப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும் வாங்கினார்கள். குழந்தையின் பயன்பாட்டைக் குறைத்துச் சொன்ன பெற்றோர் 35.7 சதவீதம், கூட்டிச் சொன்னவர்கள் 34.8 சதவீதம். ஆனால் பகுப்பாய்வில் ஆய்வாளர்கள் நம்பிக்கையோடு நிமிடக் கணக்குச் சொன்னது தனக்கென்று சாதனம் வைத்திருந்த 121 குழந்தைகளுக்குத்தான், நாளுக்குச் சராசரி 115 நிமிடம். அம்மாவின் போனை வாங்கிப் பார்க்கும் குழந்தைக்கு லாக் என்பது அம்மாவும் குழந்தையும் கலந்த கணக்கு. ஒரே போனைப் பலர் கைமாற்றும் வீடுகளில் ஆய்வு செய்பவருக்கு இது ஓர் ஓரக்குறிப்பு அல்ல, ஆய்வுத் திட்டத்தையே மாற்ற வேண்டிய விஷயம். அங்கே யார் கையில் எப்போது போன் இருந்தது என்று சொல்ல டைரியைத் தவிர வேறு வழியில்லை.

அறுபது மாணவர்களை வைத்து ஒரு சிறு ஆய்வு என்றால்

வரிசை முக்கியம். முதலில் சுயமதிப்பீடு, பிறகுதான் லாக். ஸ்க்ரீன்ஷாட்டை முதலில் கேட்டுவிட்டால் அவர் எண்ணைப் பார்த்துவிடுவார், அடுத்த கேள்விக்கு அதையே எழுதுவார், இரண்டும் அற்புதமாக ஒத்துப்போகும். வாராவாரம் அறிக்கை அனுப்பும் போன்கள் இருப்பதால், “உங்கள் திரை நேரத்தைக் கடந்த மாதம் பார்த்தீர்களா?” என்றும் கேட்டு, பார்த்தவர்களைத் தனியாக வைத்துக் கணக்கிட வேண்டும்.

லாக்கும் சுயமதிப்பீடும் ஒரே ஏழு நாட்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். “பொதுவாக” என்று கேட்டுவிட்டு, தேர்வு வாரத்தின் லாக்கை எடுத்து, மாணவர்களுக்கு நினைவு சரியில்லை என்று எழுதினால் தவறு மாணவர்களுடையது அல்ல. அந்த ஏழு நாளில் ஒரு வார நாளுக்கும் ஒரு விடுமுறை நாளுக்கும் டைரி வாங்கினால் போதும், ஏழு நாளும் கேட்டால் நான்காம் நாளிலிருந்து மொத்தமாக நிரப்புவார்கள். டைரியின் பெரிய வேலை நிமிடம் எண்ணுவது அல்ல. லாக்கில் ஆள் தூங்கிய நேரம், போன் வேறொருவர் கையில் இருந்த நேரம், டிவியில் பார்த்த நேரம் ஆகியவற்றைத் திருத்துவது.

ஸ்க்ரீன்ஷாட்டில் செயலிகளின் பெயர் தெரியும் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே சொல்லிவிட வேண்டும். யாருடைய போனில் எந்த டேட்டிங் செயலி, எந்தக் கடன் செயலி இருக்கிறது என்பது உங்கள் ஆய்வுக்கு வேண்டாதது. மேலே உள்ள மொத்த நேரத்தை மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லலாம்.

இத்தனை செய்தும் அறுபதில் இருபது பேர் ஸ்க்ரீன்ஷாட் தர மாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு நாற்பது பேரை வைத்து முடிவு எழுதுவதுதான் வழக்கம், ஆனால் தராதவர்கள் தந்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுயமதிப்பீட்டை அறுபது பேரிடமும் முதலிலேயே வாங்கியிருப்பது இங்கே கைகொடுக்கிறது. தந்த நாற்பது பேர் சொன்ன நேரத்தையும் தூக்கத்தையும், தராத இருபது பேர் சொன்னவற்றோடு பக்கத்தில் வைத்து அட்டவணை போடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நாற்பது பேரின் லாக்கைக் கொஞ்சம் தைரியத்தோடு பேசலாம். தராதவர்கள் ஒன்றரை மணி நேரம் அதிகம் சொல்லியிருந்தால், உங்கள் லாக் யாரை விட்டுவிட்டது என்பதை முடிவுரைக்கு முன்பே, முறையியல் அத்தியாயத்திலேயே, அந்த அட்டவணையோடு எழுதிவிட வேண்டும்.